கூடலூர் சர்வர் பழைய பதிப்பில் இருந்த நான்கு நாட்கள்

நான் எழுதிய அந்த அறிக்கையில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்ததும் இரண்டு முறை படித்துப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டேன். ஒவ்வொரு வரியும் உண்மை. அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தவர்கள், தவறு செய்தவர் கூடலூர்ப் பொறுப்பாளர்தான் என்று முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்யட்டும் என்றுதான் அந்த வரிசையில் எழுதினேன். எனக்கு இப்போது அறுபத்தைந்து வயதாகிறது. ஓய்வு பெறுவதற்கு ஐந்து வாரம் இருக்கும்போது செய்த காரியம் இது.

குன்னூரில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் கணினிப் பிரிவின் தலைவராக இருந்தேன். எஸ்டேட்டுகளில் எங்களுக்குச் சிறு மருந்தகங்கள் உண்டு. தேவர்சோலைப் பக்கம் மட்டும் மூன்று. நோயாளிகளின் விவரமெல்லாம், என்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம், ஒரே டேட்டாபேஸில் இருந்தது. ஆனால் அந்த டேட்டாபேஸை ஒரே இயந்திரத்தில் வைத்திருக்கவில்லை. குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று மூன்று ஊர்களில் மூன்று சர்வர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து கேபிள் அறுந்தால் ஒரு ஊர் துண்டாகிவிடும். மற்ற இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடரும். துண்டான ஊரிலும் பழைய விவரத்தைப் பார்க்கவாவது முடியும். இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றில் ஒன்று தலைமை சர்வர். எந்த ஊரில் எதைப் பதிந்தாலும் அது தலைமைக்குப் போகும். தலைமை அதை வரிசையாக மற்ற இரண்டுக்கும் அனுப்பும். அவை அதே வரிசையில் தங்கள் நகலில் எழுதிக்கொள்ளும். இன்னொரு சர்வராவது எழுதிக்கொண்டேன் என்று சொன்னால்தான் ஒரு பதிவு முடிந்ததாகக் கணக்கு. மருந்தகத்தில் திரையைப் பார்ப்பவர்கள் மட்டும் பக்கத்து ஊர் நகலிலிருந்து படிப்பார்கள். தேவர்சோலைக்காரர்கள் படித்தது கூடலூர் நகலை. அப்போது தலைமை குன்னூரில் இருந்தது.

டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. மருத்துவமனையை ஒரு நிமிடமும் நிறுத்தாமல் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் நிறுத்தி, புதிய பதிப்பைப் போட்டு, எழுப்பி, அது விட்டுப்போனதையெல்லாம் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். இடையில் சில நாட்கள் பழையதும் புதியதும் கலந்து ஓடும். கலந்து ஓடும் அந்த நாட்களுக்கு இரண்டு விதிகள். முதலாவது, நகல்களை முதலில் மாற்றி, தலைமையைக் கடைசியில் மாற்றுவது. பழைய தலைமை சொல்வதைப் புதிய நகல் புரிந்துகொள்ளும். புதிய தலைமை சொல்வதைப் பழைய நகல் புரிந்துகொள்ளும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாவது, மூன்றும் மாறி முடியும்வரை அட்டவணைகளின் அமைப்பைத் தொடாமல் இருப்பது.

இந்த விதிகளை எங்கள் கோப்பில் எழுதி வைத்தவனும் நான்தான்.

கூடலூர் சர்வருக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அஞ்சல் வழியில் கணினிப் பட்டம் வாங்கியவர். ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் அவரை நிரந்தரமாக்குவது என்று அறக்கட்டளையில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. என் பரிந்துரைக் கடிதமும் போயிருந்தது. நிரந்தரமானால் மகளை ஊட்டியில் விடுதியில் சேர்க்கலாம் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை ஊட்டி சர்வரை மாற்றினோம். நான் ஊட்டியில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். அவர் கூடலூரிலிருந்து தொலைபேசியில் ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சர்வரை நிறுத்தும்போது அந்த ஊர்ப் பொறுப்பாளர் அதன் முன்னால் நின்றாக வேண்டும். முன்பு ஒருமுறை தொலைவிலிருந்து நிறுத்திய இயந்திரம் எழவில்லை. மழையில் ஆள் போய்ச் சேர ஒரு நாள் ஆனது. அன்றிலிருந்து அப்படி. ஊட்டி சர்வர் எழுந்து, விட்டுப்போனதை எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஊட்டி மருந்தகத்திலிருந்து, காலையில் பதிந்தது திரையில் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும் என்றேன். வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஞாயிறுவரை அவருக்கு விடுப்பு. கோத்தகிரியில் தங்கையின் கல்யாணம். இரண்டு மாதத்துக்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விடுப்பு. திங்கள் மாலை தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அடுத்த திங்கக்கெழமை வந்து கூடலூர முடிச்சுர்றேனுங்க சார். அதுவரைக்கும் குன்னூரத் தொட வேண்டாமுங்க. தலைமை பழைய வெர்ஷன்லயே இருக்கட்டும். அவசரம் ஒண்ணும் இல்லீங்களே?"

"எனக்கு என்னம்மா அவசரம்? நீ போய்ப் பந்தி பரிமாறு" என்றேன்.

எனக்கு அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டம். நான் கலந்துகொள்ளும் கடைசிக் கூட்டம். புதிய பதிப்பில் ஒரு வசதி வந்திருந்தது. ஒரு மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதிந்தால், அந்த மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த எல்லா மருந்துகளையும் சேர்த்து எச்சரிக்கும்படி செய்யலாம். அதைத் திரையில் காட்டிவிட்டு விடைபெற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நோயாளிகள் கையில் கொடுத்தனுப்பும் ஒவ்வாமைச் சிவப்பு அட்டையை நிறுத்தச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் வாதாடியவன் நான்தான். கம்ப்யூட்டரில் இருக்கும்போது அட்டை எதற்கு, நனைந்து கிழிந்து போகிறது என்றேன். அட்டை இல்லாததால் கெட்டது ஒன்றுமில்லை என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை, தலைமையை ஊட்டிக்கு மாற்றிவிட்டுக் குன்னூர் சர்வரைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோனேன். என் விதியை நானே மீறினேன். தலைமை புதியது, கூடலூர் பழையது. என்ன ஆகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கூடலூர் நகல் வந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தது. விதி எழுதுகிறவர்கள் எப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. நகலின் பதிப்பு தலைமையைவிடப் பழையது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது. அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் நிறுத்த வழி இருந்தது. அதைத் தேடப் பொறுமையில்லாமல், கூடலூர் சர்வரின் எல்லா எச்சரிக்கைகளையும் ஏழு நாளைக்கு நிறுத்தி வைத்தேன். அதைச் செய்தது பொது லாகினில். எங்கள் பிரிவில் நான்கு பேரும் ஒரே லாகின், ஒரே கடவுச்சொல்தான் பயன்படுத்தினோம். மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதுவேன். மாற்றியதில்லை.

வியாழன் காலை பதினோரு மணிக்கு ஒவ்வாமை அட்டவணையில் மருந்துக் குடும்பத்தைக் குறிக்கப் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தேன். புதிய பதிப்புக்கு மட்டுமே தெரிந்த வகைப் பத்தி. ஊட்டித் தலைமை ஏற்றுக்கொண்டது, குன்னூர் ஏற்றுக்கொண்டது. கூடலூருக்குப் போன கட்டளை கூடலூருக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் அது நின்றுவிட்டது. வரிசையாக எழுதும் இயந்திரம் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகாது. அதற்குப் பிறகு மாவட்டம் முழுவதும் பதிந்த எதுவும் கூடலூர் நகலில் ஏறவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, வியாழன் பதினோரு மணிவரை தெரிந்ததை வைத்து. நின்றுவிட்டேன் என்று எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறது. அதைக் கேட்கக்கூடாது என்று ஏற்பாடு செய்திருந்தவன் நான்.

அன்று மதியம் தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவைக் குன்னூருக்குக் கொண்டுவந்தார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிக் கெண்டைக்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. பெனிசிலின் ஊசி போடுவதற்கு முன் கொடுத்த சோதனை ஊசியிலேயே கை தடித்துவிட்டது. டாக்டர் அதைப் பதிந்தார், வேறு மருந்து கொடுத்தார், தையல் போட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, இனிமேல் எங்கே போனாலும் தெரியும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அட்டை இருந்த காலத்தில் அட்டை கொடுத்திருப்பார்கள்.

வெள்ளி காலை தேவர்சோலை மருந்தகத்து நர்ஸ் கூப்பிட்டார். நேற்றுப் பதிந்தது ஒன்றையும் காணோம் என்றார். அப்கிரேடு நடக்கிறது, தாமதமாகத்தான் வரும் என்றேன். ஊட்டியில் சொன்ன அதே பதில். மதியம் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தேன். புதிய வசதியைக் காட்டினேன். குன்னூரில் உட்கார்ந்து குன்னூர் நகலைக் காட்டியதால் எல்லாம் அழகாக வேலை செய்தது. கைதட்டினார்கள்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து தேவர்சோலை மருந்தகத்துக்கு வந்தார். நர்ஸ் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற இடம் காலி. வழக்கமாகக் கொடுக்கும் கேப்ஸ்யூலைக் கொடுத்தார், பெனிசிலின் குடும்பத்து மருந்து. எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்புவதற்குள் முகம் வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது. எஸ்டேட் ஜீப்பில் கூடலூருக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஜீப் அன்று ஃபேக்டரி வாசலில் நின்றது ஒரு தற்செயல் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேறு நாளாக இருந்தால் அது இலை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்ட பிறகுதான் கூடலூர் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். வியாழன் பதினோரு மணி. ஒரு வரி. அதன் கீழே ஒன்றுமில்லை. பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். கூடலூர் சர்வரைக் குன்னூரிலிருந்தே நிறுத்திப் புதிய பதிப்பைப் போட்டேன். அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை. எழுந்தது. நின்ற வரியிலிருந்து மறுபடி எழுதச் சொன்னதும், அந்தக் கட்டளை இப்போது அதற்குப் புரிந்தது. நாற்பது நிமிடத்தில் மற்ற இரண்டோடு சமமாகிவிட்டது. கூடலூருக்காகத்தான் காத்திருந்தோம், அங்கே ஆள் இல்லாததால்தான் கலப்பு நீண்டது என்று என் அறிக்கை பின்னால் நினைக்கவைக்கப்போகிற காரணம், அதை எழுதுவதற்கு முன்பே அந்த நாற்பது நிமிடத்தில் செத்துவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அறக்கட்டளைச் செயலர், தலைமை மருத்துவர், நான். என் அறிக்கை மேசையில் இருந்தது. மூன்று சர்வர்களில் இரண்டு குறித்த வாரத்தில் மேம்படுத்தப்பட்டன. கூடலூர் சர்வர் மேம்படுத்தப்படவில்லை. அதன் பொறுப்பாளர் செவ்வாய் முதல் ஞாயிறுவரை விடுப்பில் இருந்தார். பதிப்பு வேறுபாட்டால் அந்த நகல் வியாழனன்று நின்றது. கூடலூர் எச்சரிக்கைகள் பொது லாகின் வழியாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவுதான். எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்ற விதி அதில் இல்லை. பத்தியைச் சேர்த்தது யார் என்பது இல்லை. குன்னூரைத் தொட வேண்டாம் என்று அவர் சொன்னது இல்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு வைத்த மருதாணி கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. தோளில் ஒரு துணிப்பை. உட்காரச் சொல்லவில்லை, நின்றார்.

செயலர் பழைய பட்டாளத்துக்காரர். பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார். "மெஷின் பாதியில நிக்குது, நீ கல்யாணத்துக்குப் போயிட்டே" என்றார்.

"லீவு சாங்ஷன் ஆனதுங்க சார்."

"லீவுன்னா போனுமா லீவு? கோத்தகிரியில டவர் இல்லையா?"

செயலர் என் பக்கம் திரும்பி, "இந்த அலாரத்த நிறுத்தினது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. "ஒரே லாகின்தான் சார். எல்லாரும் பயன்படுத்தறதுதான்" என்றேன்.

அதுவும் உண்மை. கூடலூர் அலாரம் என்பதால் எல்லோரும் கூடலூர்ப் பொறுப்பாளரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அறிக்கையைப் பார்த்தேன். எதையோ தேடுவதுபோல இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அவர் பையின் வாரைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வேற ஏதாச்சும் கேக்கணுமுங்களா?" என்றார். வேண்டாம் என்றார்கள். போய்விட்டார்.

மாதக் கடைசியில் அவர் நிரந்தரமாகவில்லை. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. பணிச் சான்றிதழில், கவனக்குறைவின் காரணமாக ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்தச் சான்றிதழ் என் மேசை வழியாகத்தான் போனது. அதில் நானும் சுருக்கொப்பம் இட்டேன். ஐந்து நாள் கழித்து எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது. சால்வை போர்த்தினார்கள். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட மருத்துவமனையை நிறுத்தாதவர் என்று தலைமை மருத்துவர் பேசினார்.

ஐந்து வருடம் குன்னூரிலேயே வீட்டில் இருந்தேன். அந்த விஷயம் நினைவுக்கு வராத நாள் இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பல நாட்கள் நினைவுக்கு வரவில்லை. வந்த நாட்களில், அவர் கெட்டிக்காரி, வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

போன வருடம் மறுபடி ஒரு புதிய பதிப்பு. எனக்குப் பின் வந்த பொறுப்பாளர், ஒருமுறை வந்து எங்கள் திட்டத்தைப் பாருங்கள் என்று கூப்பிட்டார். போனேன். கூட்ட அறையில் ஐந்தாறு பேர். இப்போது ஒவ்வொருவருக்கும் தனி லாகின். திட்டம் ஒழுங்காக இருந்தது. நகல்கள் முதலில், தலைமை கடைசியில். மூன்றும் மாறும்வரை அட்டவணையைத் தொடக்கூடாது. யாருக்கு எந்த நாள் என்ற பட்டியலை வாசிக்கும்போது ஒருவர், தனக்குக் குறித்த நாளில் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார். உடனே இன்னொருவர், "ஏனுங்க, கூடலூர் அக்கா மாதிரி பண்ணீறாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

யார் அந்தக் கூடலூர் அக்கா என்று கேட்டேன். என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார்கள். அப்கிரேடின் நடுவில் அலாரத்தை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போன ஒரு அம்மாவின் கதை. சொன்னவர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே இதைத்தான் சொல்லுவோம் என்றார். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கூடலூருக்குப் பஸ் ஏறினேன். அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஆன்லைன் சென்டரில் ஆதார் திருத்தமும் ரேஷன் கார்டு விண்ணப்பமும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடை அவருடையது அல்ல. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். முன்னால் நின்ற பெரியவருக்கு மலையாளம் கலந்து ஏதோ சொல்லி, ஒரு படிவத்தை முடித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். தலைமையை மாற்றியது, பத்தியைச் சேர்த்தது, அலாரத்தை நிறுத்தியது, விசாரணையில் வாயை மூடிக்கொண்டது எல்லாம்.

"தெரியுமுங்க சார்."

எனக்குப் புரியவில்லை.

"லாகின் ஒண்ணுதானுங்க. எந்த மெஷின்ல இருந்து வந்தாங்கன்னு அட்ரஸ் வேற வேறதானுங்களே. உங்க ரூம் மெஷின் அட்ரஸ் எனக்கு மனப்பாடம். திங்கக்கெழமை வேலைக்கு வந்ததுமே பாத்துட்டேன். பிரிண்ட் எடுத்துப் பையில வெச்சுட்டுத்தான் குன்னூருக்கு வந்தேன்."

அப்படியானால் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். இத்தனை நாள் கழித்து அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுட்டிருந்தேனுங்க" என்றார். "அவரு உங்களத்தானே கேட்டாரு. நீங்க பேப்பரப் பொரட்டினீங்க. அப்பறம் நான் எடுத்துக் காட்டினா என்ன சொல்லுவாங்க? ரிட்டையர் ஆகப்போற மனுசன் மேல பழி போடறான்னுதானுங்களே. உங்க அறிக்கைய அவங்க நம்புவாங்க. என் பிரிண்ட யாருக்குப் படிக்கத் தெரியும் அந்த ரூம்ல, உங்களத் தவிர?"

மகளைப் பற்றிக் கேட்டேன். விடுதியில் சேர்க்கவில்லை, இங்கேயே படித்தாள் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழோடு மூன்று இடங்களுக்குப் போனாராம். மூன்று இடத்திலும் அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பொறுப்பாளர் இடம் காலியாக இருக்கிறதாம். விண்ணப்பிக்கலாமா என்று யோசித்து, இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதற்கு என்று விட்டுவிட்டாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசையில் இருந்த பசைப்புட்டியை மூடினார்.

"அத வெச்சு நான் என்னங்க பண்றது? எழுதிக் குடுங்க. எனக்கில்ல, அவங்களுக்கு. நாள் வாரியா, நீங்க பண்ணுனதையெல்லாம். அறிக்கை எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

அவர் என்னைக் குத்திப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அது எனக்குப் போதவில்லை. இன்னும் பேசியிருந்தால் பஸ்ஸில் திரும்பி வருவது எளிதாக இருந்திருக்கும்.

எழுதினேன். நான்கு பக்கம். இந்த முறை வரிசை மாறாமல். செயலர் இப்போது வேறொருவர். என்னை உட்காரவைத்து மெதுவாகப் படித்தார். பழைய விஷயம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன அந்த அம்மாவும் கேஸ் எதுவும் போடவில்லை, நீங்கள் ஏன் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அப்போதைய கூடலூர்ப் பொறுப்பாளர் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது உங்கள் கணினிப் பிரிவில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றேன். கூடலூரிலிருந்து அந்தக் காகிதத்தை வரவழைத்தார்கள். என் பின்னால் வந்த பொறுப்பாளர் அதை என் எதிரிலேயே படித்தார். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அட்ரஸ் சரிதான் சார் என்று செயலரிடம் மட்டும் சொன்னார்.

வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். சான்றிதழைத் திருத்திக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஆறு வாரம் ஆனது. அதற்கு மூன்று முறை நடந்தேன்.

இதற்கு நடுவில் அந்தக் கவ்வாத்துக்கார அம்மாவின் லயத்துக்கும் போனேன். அவர் என்னை ஏதோ சர்வே எடுக்க வந்தவர் என்று நினைத்து ஸ்டூல் போட்டார். சொன்னதை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. "மாத்திரையால வந்ததுன்னு சொன்னாங்க. நர்ஸம்மா பாவம், அழுதுச்சு" என்றார். அந்த நர்ஸ் அழுதது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இரண்டு முறை என்னைக் கூப்பிட்டவர் அவர். என் நான்கு பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திரும்பி வந்து ஐந்தாவது பக்கம் எழுதிச் சேர்த்தேன்.

திருத்திய சான்றிதழ் தபாலில் போன இரண்டாம் நாள் கூடலூரிலிருந்து போன் வந்தது.

"வந்துருச்சுங்க சார்" என்றார். பின்னால் கடையில் யாரோ எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "கவனக்குறைவுங்கற வரி இல்லீங்க. காலேஜுக்கு இன்னிக்கே அப்ளிகேசன் போட்டுட்டேன்."

நல்லது என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"அங்க உங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்ககிட்ட என்னப் பத்தி ஒரு கத சொல்றாங்களாமே. அந்தக் காலேஜுல கம்ப்யூட்டர் பாக்கற ஒருத்தர் உங்ககிட்ட இருந்து போனவர்தான். அவருக்கும் தெரிஞ்சிருக்குமுங்களே. அதையும் பாத்துக்கங்க."

மறுநாள் காலை அந்தக் கூட்ட அறையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னேன். கல்லூரிக்குப் போனவரையும் போனில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர், தலைமையை ஊட்டிக்கு மாற்றிய பிறகாவது பத்தியைச் சேர்க்காமல் இருந்திருக்கலாமே சார் என்றார். இருந்திருக்கலாம் என்றேன். கதையை முதலில் எனக்குச் சொன்னவர் மட்டும் எழுந்து, வேலை இருக்கிறது என்று வெளியே போனார். கடைசியில், போனில் இருந்தவர் இணைப்பில்தான் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறேன் சார், கேட்டேன் என்றார்.

கல்லூரியிலிருந்து கூடலூருக்கு இன்னும் பதில் வரவில்லை.